“குழந்தை தூங்கவே மாட்டேங்குது”: அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

நான் குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியர். தடுப்பூசிக்கு வரும் புதுப் பெற்றோரை உட்கார வைத்து, குழந்தையின் தூக்கத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது என் வேலைகளில் ஒன்று. பேச்சு முடிந்ததும் கேட்கப்படும் கேள்விகள் ஐந்தாறுதான். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் பேச்சையே அந்தக் கேள்விகளின் வரிசையில் அமைத்துவிட்டேன். உங்கள் வீட்டில் நடப்பது எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ, நேராக அங்கே போகலாம்.

இது பிறந்தது முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு. குறைமாதத்தில் பிறந்திருந்தால், பிறந்த நாளை விட்டுவிட்டு, பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள். எட்டு வாரம் முன்பே பிறந்த நாலு மாதக் குழந்தை, தூக்கத்தைப் பொறுத்தவரை இரண்டு மாதக் குழந்தைதான்.

## எதற்கும் முன்னால்: இவை இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸோ (100.4 ஃபாரன்ஹீட்) அதற்கு மேலோ இருந்தால், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு இருபது விநாடி அளவுக்கு நின்றாலும், உதடோ நாக்கோ நீலமானாலும், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் குழிந்து உள்ளே போனாலும் அப்படியே. பச்சை நிறத்தில் வாந்தி, என்ன செய்தும் அடங்காத வீரிட்ட அழுகை, இரண்டும் இதே வரிசை.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று உண்டு: அளவுக்கு மீறிய தூக்கம். பாலுக்கு எழுப்பினாலும் எழாமல், எழுந்தாலும் நாலு வாய் குடித்துவிட்டுத் துவண்டு போகும் குழந்தையை “சமத்தாகத் தூங்குது” என்று விட்டுவிடாதீர்கள். பிறந்தபோது இருந்த எடையை இன்னும் எட்டாத குழந்தையை (பெரும்பாலும் பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் எட்டிவிடும்) மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் பால் இல்லாமல் தூங்க விடக் கூடாது. எழுப்பித்தான் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி 1: “ராத்திரி பகல் எந்நேரமும் முழித்தே இருக்கிறது”

முதல் சோதனை: தாளும் பேனாவும். மூன்று நாளைக்கு, இருபத்து நாலு மணி நேரமும், கண் மூடிய நேரத்தையும் திறந்த நேரத்தையும் எழுதுங்கள். செல்பேசியில் குறித்தாலும் சரி. பால் குடித்த நேரமும் ஈர டயபரும் ஒரு புள்ளியாக இருந்தால் போதும். இதைச் செய்யாமல் வேறு எதையும் நான் பேசத் தொடங்குவதில்லை, ஏனென்றால் தூக்கம் கெட்டவர்களின் நினைவுக் கணக்கு நம்பும்படி இருக்காது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒன்பது வாரப் பெண் குழந்தை. “இரவில் மூன்று மணி நேரம்கூடத் தூங்குவதில்லை” என்றார் அம்மா. அவர்கள் எழுதி வந்த தாளில் முதல் இரவு இப்படி இருந்தது: 9.40 முதல் 12.30 வரை, 1.10 முதல் 3.20 வரை, 4.00 முதல் 6.10 வரை. கூட்டினால் 7 மணி 10 நிமிடம். பகலில் ஆறு குட்டித் தூக்கம்: 45, 90, 40, 105, 30, 40 நிமிடம். அது 5 மணி 50 நிமிடம். ஆக மொத்தம் சரியாக 13 மணி நேரம்.

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 14 முதல் 17 மணி நேரம். ஆனால் 11 முதல் 13 வரை தூங்கும் குழந்தைகளும் நல்லபடியாக இருப்பதுண்டு. இந்தக் குழந்தைக்கு எடை ஏறியிருந்தது, நாளுக்கு ஆறுக்கு மேல் ஈர டயபர், விழித்திருக்கும்போது முகம் பார்த்துச் சிரித்தது. குழந்தை போதுமான அளவு தூங்குகிறது. அப்புறம் அந்த மூன்று மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது? அம்மாவுடையது அது. ஒவ்வொரு முறை குழந்தை தூங்கிய பிறகும் அவருக்குத் தூக்கம் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. குழந்தை மூன்று துண்டாக ஏழு மணி நேரம் தூங்கிய இரவில் அம்மா மூன்று துண்டாக ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருக்கிறார்; அது அவர் நினைவில் மூன்றாகச் சுருங்கிவிட்டது. குறை உண்மைதான், ஆனால் அது குழந்தையிடம் இல்லை. அதற்கான தலைப்பு கடைசியில் இருக்கிறது.

கூட்டல் சரியாக வந்தால் குழந்தையின் தூக்கத்தில் சரிசெய்ய எதுவும் இல்லை.

கூட்டல் குறைவாக வந்தால், முதலில் விழித்திருக்கும் இடைவெளியைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையால் ஒரே மூச்சில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விழித்திருந்து தாங்க முடியாது. கொட்டாவி, எங்கோ நிலைகுத்திய பார்வை, முகத்தைத் திருப்பிக்கொள்வது, இவை வந்ததும் படுக்க வைக்க வேண்டும். அழ ஆரம்பித்த பிறகு தூங்க வைப்பது இரட்டிப்பு வேலை. அடுத்து பால். எடை ஏறவில்லை, ஈர டயபர் ஆறுக்குக் குறைகிறது என்றால் அது பசி. அதற்கு எடை பார்க்கவும், பால் குடிப்பதை நேரில் பார்க்கவும் வர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் மொத்தம் 11 மணிக்குக் கீழேயே நின்றால் தாளோடு மருத்துவரைப் பாருங்கள்.

## அறிகுறி 2: “அரை மணிக்கு ஒரு தடவை எழுந்துவிடுகிறது”

இந்தத் தலைப்பில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். காரணம், இங்கே பல நேரம் குழந்தை எழுவதே இல்லை. நாம் எழுப்புகிறோம்.

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி, அசையும் தூக்கம். அந்த நேரத்தில் முனகும், நெளியும், முகத்தைச் சுளிக்கும், உறிஞ்சுவதுபோல் வாயை அசைக்கும், கையை உதறும், ஒரு வினாடி “ங்ஏ” என்று அழக்கூடச் செய்யும். இமை பாதி திறந்து கண்மணி உருளும். மூச்சு வேகமாகப் போய், ஐந்து பத்து விநாடி நின்று, மறுபடி தொடங்கும். பக்கத்தில் படுத்திருக்கும் யாருக்கும் இது விழிப்பாகவே தோன்றும். ஆனால் இவ்வளவும் தூக்கம்தான். அதன் ஒரு சுற்று ஐம்பது, அறுபது நிமிடம். பெரியவர்களுக்கு அது தொண்ணூறு நிமிடம் அளவில் இருக்கும். அதனால் இரவில் பல முறை இந்த முனகல் கட்டம் வந்து போகும்.

மேலே சொன்ன குடும்பத்தின் இரண்டாம் இரவுத் தாளில் “11.15, முனகினாள், தூக்கினேன்” என்று அப்பா எழுதியிருந்தார். தூக்கி, விளக்கைப் போட்டு, டயபர் மாற்றி, தோளில் போட்டு நடந்திருக்கிறார். குழந்தை மறுபடி தூங்கியது 12.05க்கு. முந்தைய இரவு அதே குழந்தை 12.30 வரை தானாகத் தூங்கியது நினைவிருக்கிறதா? அந்த ஐம்பது நிமிடத்தை உண்டாக்கியது அப்பாவின் அக்கறைதான். அடுத்த வருகையில் அவரே சொன்னார்: ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார். இரண்டு நிமிடம் நெளிந்துவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து அடங்கிவிட்டதாம்.

செய்ய வேண்டிய சோதனை: சத்தம் கேட்டதும் குழந்தையைத் தொடாமல், விளக்குப் போடாமல், ஒன்றிரண்டு நிமிடம் பாருங்கள்.

- சத்தம் விட்டுவிட்டு வந்து, அப்படியே தேய்ந்தால்: தூக்கம். விடுங்கள்.
- கண் முழுதாகத் திறந்து உங்களைத் தேடினால், அல்லது அழுகை படிப்படியாக ஏறினால்: விழிப்பு. தூக்குங்கள்.
- தலையை இருபுறமும் திருப்பி, வாயால் தேடி, கையை வாயில் வைத்துச் சப்பினால்: பெரும்பாலும் பசி. அழும்வரை காக்க வேண்டாம், பால் கொடுங்கள்.

இது அழவிட்டுப் பழக்கும் முறை இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான்.

உண்மையாகவே விழிக்கிறது என்றால்: முதல் மாதங்களில் இருபத்து நாலு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிப்பது சாதாரணம். வகுத்துப் பார்த்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை. அது இரவுக்கும் சேர்த்துத்தான். பால் புட்டியில் கஞ்சி மாவு கலந்து கொடுத்தால் நீண்ட நேரம் தூங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; தூக்கம் நீள்வதற்கு உத்தரவாதம் இல்லை, புரையேறும் ஆபத்து உண்டு. தூக்கம் வரவழைக்கச் சளி மருந்து கொடுப்பது அதைவிட மோசம். அதை ஒரு நாளும் செய்யாதீர்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய இடம்: படுக்க வைத்தாலே வளைந்து நெளிந்து அழுது, பாலையும் மறுத்து, எடையும் ஏறாமல் இருந்தால் உணவுக்குழாயில் பால் ஏறுவதா, பால் ஒவ்வாமையா என்று பார்க்க வேண்டியிருக்கும். மலத்தில் இரத்தம் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம். வெறுமனே பால் கக்குவது, எடை நன்றாக ஏறும் வரை, துணி துவைக்கும் பிரச்சினை மட்டும்தான். தூங்கும்போது தினமும் குறட்டையோ, மூச்சுக்குத் திணறுவதோ இருந்தாலும் காட்டுங்கள். முடிந்தால் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வாருங்கள். மருத்துவர் அறையில் குழந்தை அதைச் செய்து காட்டாது.

## அறிகுறி 3: “பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி கொட்டக் கொட்ட முழிப்பு”

பிறக்கும்போது குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. உடம்பின் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆறு வாரக் குழந்தைக்கு இது பழுதே இல்லை.

செலவில்லாத வழி வெளிச்சம். காலையில் ஒரே நேரத்தில் திரையை விலக்குங்கள், பகல் தூக்கத்துக்கு வீட்டை இருட்டாக்காதீர்கள், பேச்சுச் சத்தத்தை அடக்காதீர்கள். இரவில் பால் கொடுக்க மங்கிய விளக்கு போதும். மலம் போகவில்லை என்றால் டயபரை மாற்றாமல் விடலாம். பேச்சும் விளையாட்டும் வேண்டாம். பகலில் தூங்கவிடாமல் வைத்தால் இரவில் தூங்கும் என்ற கணக்கு இந்த வயதில் பலிக்காது, களைத்துப் போய் இன்னும் அழும்.

சாயங்காலம் ஆனதும் தொடங்கி மணிக்கணக்கில் அழுவதையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அது வேறு. பொதுவாக ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். நான்கு மாதம் கடந்தும் இரவு பகல் சுத்தமாகப் பிரியவில்லை, கூடவே வெளிச்சத்தையோ முகத்தையோ பார்ப்பதில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: “கையில் தூங்குகிறது, கீழே போட்டால் உடனே எழுகிறது”

மூன்று மாதம் வரை குழந்தை தூக்கத்துக்குள் நுழைவதே அந்த அசையும் தூக்கத்தின் வழியாகத்தான். கண் மூடிய ஐந்தாம் நிமிடத்தில் கீழே போட்டால் எழாமல் என்ன செய்யும்! ஒரு கையை மெல்லத் தூக்கி விட்டுப் பாருங்கள். தொப்பென்று விழுந்து அப்படியே கிடந்தால் ஆழ்ந்துவிட்டது. பத்து, இருபது நிமிடம் காத்தால் பெரும்பாலும் அந்த நிலை வரும். இறக்கும்போது முதலில் பிட்டம், அப்புறம் முதுகு, கடைசியில் தலை. கையை உடனே உருவாமல், மார்பின்மேல் ஒரு நிமிடம் வைத்திருங்கள்.

அதோடு, ஒரு நாளில் ஒரு தூக்கத்துக்காவது, கண் சொருகும்போதே கீழே போட்டுப் பாருங்கள். பல நாள் பலிக்காது. பலிக்காத நாளில் தூக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இறக்கும் இடம் முக்கியம். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும். படுக்கை சமதளமாக, அழுத்தினால் குழியாததாக இருக்க வேண்டும். தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் கூடாது. குறைந்தது ஆறு மாதமாவது உங்கள் அறையிலேயே, தனிப் படுக்கையில். சாய்வு நாற்காலியில் நன்றாகத் தூங்குகிறதே என்று அங்கேயே இரவு முழுக்க விடாதீர்கள், தலை முன்னால் மடிந்து மூச்சுப் பாதை அடைபடும். இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று: கீழே போட்டால் எழும் என்று பயந்து, குழந்தையை மார்பில் சாய்த்தபடி சோஃபாவில் உட்கார்ந்தே தூங்கிவிடும் அம்மாக்களும் அப்பாக்களும். இருக்கிற இடங்களிலேயே குழந்தைக்கு மிக ஆபத்தானவற்றில் அது ஒன்று. கண் சொருகினால், குழந்தை அழுதாலும் பரவாயில்லை, கீழே போட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேறொருவர் கையில் கொடுங்கள்.

## அறிகுறி 5: “நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது, நாலு மாதத்தில் கெட்டுவிட்டது”

முதலில் எளிய காரணங்கள். மூக்கடைப்பா? புதிதாகப் புரளப் பழகி, குப்புற விழுந்து தவிக்கிறதா? (புரள முயற்சி செய்யத் தொடங்கிய நாளோடு துணியால் சுற்றிப் படுக்க வைப்பதை நிறுத்திவிட வேண்டும்.) பகலில் வேடிக்கை பார்த்துப் பாலைக் குறைத்து, இரவில் ஈடுகட்டுகிறதா? அப்படியென்றால் பகலில் அமைதியான அறையில் பால் கொடுத்துப் பாருங்கள். பால் மறுத்தல், காய்ச்சல், படுத்தால் மட்டும் அழுகை சேர்ந்தால் காது வலியாக இருக்கலாம், காட்ட வேண்டும்.

எதுவும் இல்லையென்றால், தூக்கம் வளர்ந்திருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் தூக்கம் பெரியவர்களுடையதைப்போல் படிநிலைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பு வரும். தோளில் தூங்கிய குழந்தை அந்த விழிப்பில் தோளைத் தேடும். படுக்கையில் தூங்கிய குழந்தைக்குத் தேட எதுவும் இருக்காது. எனவே மாற்ற வேண்டியது இரவு இரண்டு மணியில் இல்லை, இரவின் முதல் தூக்கத்தில். கடைசிப் பாலையும் கண் மூடுவதையும் கொஞ்சம் பிரித்து வையுங்கள்: பால், டயபர், ஒரு தாலாட்டு, படுக்கை. தினமும் அதே வரிசை. இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டு அப்புறம் பயன் இருக்கிறதா என்று முடிவுசெய்யுங்கள்.

“எப்போதுதான் இரவு முழுக்கத் தூங்கும்?” என்ற கேள்வி இங்கே கட்டாயம் வரும். கனடாவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 38 பேர் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் நூற்றுக்கு 28 பேர் அப்படித்தான். அவர்களின் வளர்ச்சியில் அதனால் குறை எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மணி நேரம் தூங்குவது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் குழந்தை பழுது என்று அதற்குப் பொருள் இல்லை.

ஆறு மாதம் தாண்டி, எடையும் நன்றாக இருந்து, உங்களால் தாங்க முடியவில்லை என்றால், இடைவெளி விட்டுச் சென்று தேற்றும் முறைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் அப்படிப் பழக்கிய குழந்தைகளை ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது நீடித்த தீங்கும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை என்று 2012இல் எழுதினார்கள். ஆகவே விருப்பம் இருந்தால் செய்யலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். செய்வதாக இருந்தால் அதற்கு முன் ஒரு முறை எங்களிடம் பேசிவிடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழே நான் இதைச் சொல்லித் தருவதில்லை.

## அறிகுறி 6: “குழந்தை தூங்குகிறது, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை”

முதல் சோதனை கடிகாரம். இருவரும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே எழுகிறீர்களா? அப்படியென்றால் இரவை இரண்டாக வெட்டுங்கள். எட்டு மணி முதல் ஒரு மணி வரை ஒருவர், ஒரு மணி முதல் ஆறு வரை மற்றவர். தாய்ப்பால் மட்டுமே கொடுப்பவருக்கு முழு வெட்டு நடக்காதுதான். ஆனால் பால் கொடுத்த பிறகு ஏப்பம் விடவைத்துப் படுக்க வைக்கும் வேலை மற்றவருடையது ஆகலாம். அந்த ஒன்பது வாரக் குழந்தையின் வீட்டில் அதைத்தான் செய்தார்கள். இரவு எழும் எண்ணிக்கை குறையவில்லை, அம்மாவுடைய தூக்கம் ஏறியது.

இரண்டாவது சோதனை: குழந்தை நன்றாகத் தூங்கும் நேரத்தில், வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போதும், இருட்டறையில் படுத்தும் தூக்கம் வரவில்லையா? இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லையா, காரணமில்லாமல் அழுகையா, பயமா? இது களைப்பு இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, அப்பாக்களுக்கும் வரும். தடுப்பூசி நாளில் வந்து குழந்தையின் எடையைக் கேட்கும் அதே குரலில் இதையும் கேளுங்கள்.

உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அல்லது இரண்டு மூன்று நாள் தூங்காமலே களைப்பு தெரியாமல் மனம் தறிகெட்டு ஓடினால், அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும், தனியாக இல்லாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு. அழுகை தாங்காமல் கை ஓங்கும் நிலை வந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்கையில் விட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள். பத்து நிமிட அழுகையால் குழந்தைக்கு எதுவும் ஆகாது. குலுக்கினால் ஆகும்.